கடைசித் தேதியும் அதற்குப் பிறகு 30 நாளும்

கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாம் பக்கம் எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் இருக்கும் அக்கா, சேலை பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். சென்ற ஆண்டு மே மாதம் அவருடைய தையல் மெஷினில் பாபின் கேஸ் போய்விட்டது. அடிநூல் சுற்றிய உருளையைப் பிடித்துக்கொள்ளும் சின்ன உலோகக் கூடு அது. தீப்பெட்டியை விடச் சிறியது. ஆனால் அது இல்லாமல் ஒரு தையல்கூட விழாது. தையல் சாமான் கடையில் 9 பவுண்ட். ஈபேயில் தேடினால் சீனாவிலிருந்து 2 பவுண்ட் 85 பென்ஸ், தபால் செலவும் இல்லை. மே 6ஆம் தேதி வாங்கிவிட்டார். விலைக்குக் கீழே சிறிய எழுத்தில் பொருள் வந்து சேரும் காலம் போட்டிருந்தது: மே 28 முதல் ஜூலை 4 வரை.

அதே வாரத்தில் வேறொரு விற்பனையாளரிடம் பிளவுஸ் கொக்கிகளும் வாங்கினார். ஒரு பவுண்ட் 60 பென்ஸ். அதற்கும் ஏறக்குறைய அதே காலம்தான்.

மூன்றாவது வாரம் படியிறங்கி வந்து கேட்டார். "தம்பி, ரெண்டு சாமானும் இன்னும் வரேல்லை. காத்திருக்கட்டோ, வேண்டாம் எண்டு சொல்லட்டோ?"

வெளிநாட்டிலிருந்து மலிவாகச் சாமான் வாங்குகிற எல்லாரும் ஒரு நாள் கேட்கும் கேள்வி இது. நம்மில் பலர் இதை நம் பொறுமையைப் பற்றிய கேள்வியாக எடுத்துக்கொள்கிறோம். பொறுமைசாலி காத்திருக்கிறார், அவசரக்காரர் சண்டை போடுகிறார். உண்மையில் இது தேதிகளைப் பற்றிய கேள்வி. பொருள் எந்தத் தேதிக்குள் நமக்கு வேண்டும், பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை எந்தத் தேதியில் முடிகிறது, இந்த இரண்டும் தெரிந்தால் முக்கால்வாசி முடிவு தானாக வந்துவிடும். மீதிக் கால்வாசியைப் பொதியின் எண் சொல்லும்.

முதல் தேதி சுலபம். அக்காவுக்கு ஜூன் 15இல் ஒரு கல்யாணம். ஆறு பிளவுஸ் தைக்க ஒப்புக்கொண்டிருந்தார். பொருள் மே 28இல் வரலாம் என்றுதான் அவர் மனதில் பதிந்திருந்தது. காலத்தை இப்படி இரண்டு தேதிகளாகப் போட்டால் நம் கண் முன் தேதியில்தான் நிற்கும். ஆனால் விற்பனையாளர் தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்வது பின் தேதிக்குத்தான். ஜூலை 4 வரை பொருள் வராவிட்டாலும் அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆகவே கல்யாணத்துக்கு முன் வேண்டும் என்றால், வாங்கிய அன்றே அது தவறான இடம். அக்காவிடம் அதைத்தான் சொன்னேன். மறுநாளே கடைக்குப் போய் 9 பவுண்ட் கொடுத்து ஒன்று வாங்கிவந்து தைக்கத் தொடங்கினார். மலிவான பொருளுக்காகக் காத்திருந்து வேலையை இழப்பதுபோல் நஷ்டம் வேறில்லை. கடையில் வாங்கியபின் இணையத்தில் வாங்கியது வந்தாலும் வராவிட்டாலும் கேள்வி வெறும் 2 பவுண்ட் 85தான். அதை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு நீண்ட காலம் ஏன் போடுகிறார்கள்? எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்பதால் அல்ல. 1874இல் தொடங்கி சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலிருந்து இயங்கும் உலகத் தபால் ஒன்றியம், ஒரு நாட்டிலிருந்து வரும் கடிதத்தையும் சிறு பொதியையும் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு, அனுப்பும் நாட்டின் தபால்துறை பெறும் நாட்டின் தபால்துறைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது. சீனா நெடுங்காலம் வளரும் நாடுகளின் வரிசையில் இருந்ததால் குறைந்த தொகை கொடுத்தால் போதும் என்று இருந்தது. லண்டனில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு அனுப்பும் செலவில் ஒரு பகுதிக்கு ஷென்ஜெனிலிருந்து சிறு பொதி வந்துசேர்ந்த இரகசியம் அதுதான். அமெரிக்கா ஒன்றியத்தை விட்டு விலகுவேன் என்று நெருக்கியபின், 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் கூடி அந்த விகிதங்களை மாற்றினார்கள். தபால் வழி முன்னளவு மலிவாக இல்லை. ஆகவே பல விற்பனையாளர்கள் இப்போது பொதிகளைத் திரட்டி அனுப்பும் இடைநிறுவனங்களிடம் கொடுக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் கிடங்கில் உங்கள் பாபின் கேஸ் ஆயிரக்கணக்கான பொதிகளோடு சாக்கில் கிடக்கும். போதுமான அளவு சேர்ந்து, மலிவான விமான இடம் கிடைத்தபின்தான் கிளம்பும். சீனப் புத்தாண்டிலும் அக்டோபர் முதல் வாரத்து விடுமுறையிலும் அதுவும் நின்றுவிடும். விலை குறைந்ததற்கு நாம் நாட்களால் ஈடுகட்டுகிறோம்.

நேர்மையான தாமதம் இது. ஆனால் நேர்மையற்றவருக்கும் இந்த நீண்ட காலம் நல்ல மறைவிடம். ஐந்து நாளில் வர வேண்டிய பொருள் வராவிட்டால் ஆறாம் நாள் கேட்போம். இரண்டு மாதம் என்றால் பாதிப் பேர் மறந்தே போவார்கள். மூன்று பவுண்டுக்கு யார் கணக்கு வைக்கப் போகிறார்கள்? இரண்டு தாமதத்தையும் எப்படிப் பிரித்தறிவது? இங்கேதான் பொதி எண் உதவுகிறது.

அக்காவின் கொக்கிகளுக்குக் கொடுத்திருந்த எண் UE102030405CN என்பதுபோன்ற ஒன்று. (இலக்கங்களை மாற்றியிருக்கிறேன்.) முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. உலகத் தபால் ஒன்றியம் எல்லா நாட்டுக்கும் வகுத்த பொது வடிவம் இது. இதில் முதல் எழுத்தைக் கவனியுங்கள். R என்றால் பதிவுத் தபால். E என்றால் விரைவு அஞ்சல். C என்றால் பார்சல். L என்றாலும் வழியில் பின்தொடரக்கூடியது. U என்றால், வழியில் யாரும் பதிவு செய்ய வேண்டியதில்லாத சாதாரணக் கடித வகை. அந்த எண் சுங்க விவரங்களுக்காக ஒட்டப்பட்டது. சீனாவில் ஒன்றிரண்டு பதிவு தெரியலாம், அதன்பின் வீட்டுக் கதவுக்குள் விழும்வரை ஒரு சத்தமும் வராது. அப்படிப்பட்ட எண்ணைத் தினமும் தட்டிப் பார்த்து, "நகரவே இல்லையே" என்று கலங்குவதில் பொருளில்லை. அக்காவின் கொக்கிகள் 38ஆம் நாள் சாம்பல் நிற உறையில் வந்து விழுந்தன. கணினி கடைசிவரை அவை சீனாவில் இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தது.

பாபின் கேஸின் எண் வேறு வகை. நீண்ட கூரியர் எண். ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்கேன் செய்து சொல்ல வேண்டியது. மே 7இல் ஒரு வரி வந்தது: Shipment information received. அதைப் பார்த்து, "அனுப்பிட்டான் தம்பி" என்று அக்கா நிம்மதியாக இருந்தார். அந்த வரிக்குப் பொருள் அதுவல்ல. முகவரிச் சீட்டு ஒன்று உருவாக்கப்பட்டு, அதன் விவரம் கூரியர் கணினிக்கு வந்துசேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பொதி கைமாறியதாக அதில் ஒரு சொல்லும் இல்லை. விற்பனையாளர் மேசையிலிருந்து எழாமலே அந்த வரியை வரவழைக்கலாம். கடைப் பக்கமும் உடனே "அனுப்பப்பட்டது" என்று மாறிவிடும்.

பொதி உண்மையில் நகர்ந்ததற்கு அடையாளம் அடுத்த வரி. கூரியர் ஏற்றுக்கொண்டார், தரம்பிரிக்கும் நிலையத்துக்கு வந்தது, விமானத்தில் ஏற்றப்பட்டது என்று ஒரு மனிதக் கை அதைத் தொட்டதைச் சொல்லும் வரி. கிடங்கில் சேர்த்து அனுப்புகிறார்கள் என்பதால் அந்த இரண்டாவது வரி வர ஒரு வாரம், பத்து நாள் ஆவது சகஜம். பேசவேண்டிய எண் மூன்று வாரத்துக்கு மேலும் முதல் வரியிலேயே நின்றால், அந்தப் பொதி கிளம்பவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். பேசாத எண்ணின் மௌனம் இயல்பு, பேசவேண்டிய எண்ணின் மௌனம் சந்தேகத்துக்குரியது. மே 31ஆம் தேதியும் பாபின் கேஸுக்கு அந்த ஒரே வரிதான்.

இனி ரத்துசெய்வது. ரத்து என்ற பொத்தான் நாம் நினைக்கிற அளவு நீண்ட நாள் உயிரோடு இருப்பதில்லை. ஈபேயில் வாங்கி ஒரு மணி நேரத்துக்குள் என்றால் ரத்து கேட்பது மிகச் சுலபம். அதன்பிறகும், அனுப்பப்பட்டதாகக் குறிக்கும்வரை கேட்கலாம். ஒப்புக்கொள்வதோ மறுப்பதோ விற்பனையாளர் விருப்பம், மூன்று நாளில் அவர் பதில் சொல்ல வேண்டும். அனுப்பியதாகக் குறித்தபின் அந்த வழி அடைபட்டுவிடும். வாங்கிய மறுநாளே வெறும் முகவரிச் சீட்டைத் தயாரித்து "அனுப்பியாச்சு" என்று போடுவதில் அவருக்கு என்ன லாபம் என்று இப்போது புரியும். ஆகவே வாங்கிய கையோடு பின் தேதியைப் பார்த்து, "இது எனக்குச் சரிப்படாது" என்று தோன்றினால் அந்த மணி நேரத்துக்குள்ளேயே ரத்துசெய்துவிடுங்கள். மறுநாள் யோசிக்கலாம் என்று வைத்தால் யோசிக்க ஒன்றும் மிஞ்சாது.

பிரிட்டனில் சட்டம் இதைவிடத் தாராளமானது. 2013இல் வந்த விதிகளின்படி, இணையத்தில் வியாபாரியிடம் வாங்கியதைப் பொருள் கைக்கு வந்து 14 நாள் வரை காரணம் சொல்லாமலே திருப்பலாம். வழியில் இருக்கும்போதும் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் கடைக்காரர் ஷென்ஜெனில் இருந்தால் அந்தச் சட்டத்தை அங்கே கொண்டுபோய் யார் காட்டுவது? பொருளைத் திருப்பி அனுப்பும் செலவே அதன் விலையைப்போல் பல மடங்கு. மூன்று பவுண்டு விவகாரத்தில் சட்டத்தைவிட, வாங்கிய சந்தையின் சொந்த உத்தரவாதமே நமக்குக் கைகொடுக்கும்.

அந்த உத்தரவாதத்துக்கு ஒரு தேதி உண்டு. ஈபேயில், சொன்ன காலத்தின் பின் தேதி கழிந்த மறுநாளிலிருந்து, பொருள் வரவில்லை என்று முறையிடலாம். பின் தேதியிலிருந்து 30 நாளுக்குள் முறையிட்டாக வேண்டும். அக்காவின் கணக்கில் ஜூலை 5இல் கதவு திறக்கிறது, ஆகஸ்ட் 3இல் மூடிவிடுகிறது. அமேசானில் தனி விற்பனையாளரிடம் வாங்கியதற்கு, பின் தேதியிலிருந்து 90 நாள். பேபால் வழியே பணம் கட்டியிருந்தால் கணக்கு வேறு. பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள். முறையிட்டபின் 20 நாளுக்குள் அதை அடுத்த கட்டத்துக்கு உயர்த்தாவிட்டால் தானாக மூடிவிடும், மறுபடி திறக்க முடியாது.

ஜூன் முழுதும் அக்கா சும்மா இருந்தார். இருக்கச் சொன்னது நான்தான். பின் தேதிக்கு முன்னால் முறையிட வழியில்லை, நமக்கோ இழப்பு ஒன்றும் இல்லை. ஜூலை 6ஆம் தேதி விற்பனையாளருக்கு எழுதினார். சில மணி நேரத்தில் பதில் வந்தது. மிக மரியாதையான பதில். "அன்புள்ள நண்பரே, சுங்கத்தில் தாமதம். தயவுசெய்து ஆகஸ்ட் 5 வரை பொறுத்திருங்கள். அப்போதும் வராவிட்டால் புதிதாக அனுப்புகிறோம், அல்லது முழுப் பணத்தையும் தருகிறோம்."

அக்காவுக்கு மனம் இளகிவிட்டது. "பாவம், மரியாதையா எழுதியிருக்கினம். ஒரு மாசம்தானே, பொறுப்பம்" என்றார்.

தேதியை இன்னொரு தடவை படித்துப் பார்க்கச் சொன்னேன். ஆகஸ்ட் 5. நம்முடைய கதவு மூடுவது ஆகஸ்ட் 3.

அந்த விற்பனையாளர் வேண்டுமென்றே அப்படிக் கணக்குப் போட்டார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இதுபோன்ற பதில்கள் எல்லாம் ஒரே திசையில்தான் போகின்றன. "இன்னும் 20 நாள் பொறுங்கள்." "புதிதாக ஒன்று அனுப்புகிறோம்." அப்படி அனுப்பினால் அது வரவும் இன்னொரு நாற்பது நாள், ஆனால் கதவு மூடும் தேதி மாறாது. "பாதிப் பணம் தருகிறோம், முறையீட்டை மூடிவிடுங்கள்" என்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஒருதடவை மூடிய முறையீட்டைத் திரும்பத் திறக்க முடியாது. பாதிப் பணமும் வராமல் போனால் கேட்க இடமில்லை. பணத்தைத் தரச் சம்மதிக்கிறவருக்கு முறையீடு திறந்திருப்பது ஒரு தடையே அல்ல. அதற்குள்ளேயே அவர் பணத்தைத் திருப்பலாம்.

முறையிட்டால் அந்த ஆளுக்குப் பெரிய கெடுதல் செய்கிறோமோ என்று அக்காவுக்கு ஒரு தயக்கம் இருந்தது. நம் ஊர்க்காரர்களில் பலருக்கு இந்தத் தயக்கம் உண்டு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் முறையீடு என்பது போலீஸ் புகார் அல்ல. பொருள் வரவில்லை என்று, சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டிய நாளுக்குள் சொல்வது. பொருள் வழியில் இருந்தால் அதை விற்பனையாளர் காட்டலாம். பணம் திரும்பியபின் பொருள் வந்துசேர்ந்தால் அவருக்கு எழுதி விலையைக் கட்டிவிட வேண்டும். அந்த நேர்மை நம்மிடம் இருந்தால் முறையிடுவதில் ஒரு தவறும் இல்லை.

ஜூலை 10ஆம் தேதி அக்கா முறையிட்டார். விற்பனையாளருக்கு மூன்று வேலைநாள் அவகாசம். அந்தத் தரப்பிலிருந்து வந்தது அதே "பொறுங்கள்" கடிதம். 16ஆம் தேதி, ஈபேயே தலையிட வேண்டும் என்று கேட்டார். எண்ணில் அந்த ஒரே வரியைத் தவிர ஒன்றுமில்லை. பொருளைக் கொடுத்ததற்கு விற்பனையாளரிடம் சான்று இல்லை. 18ஆம் தேதி 2 பவுண்ட் 85 பென்ஸ் திரும்பி வந்தது. பாபின் கேஸ் இன்றுவரை வரவில்லை.

சில சமயம் எண் இதற்கு எதிர்மாறாகப் பேசும். உங்கள் கைக்கு ஒன்றும் வந்திருக்காது, ஆனால் "ஒப்படைக்கப்பட்டது" என்று காட்டும். உங்கள் ஊருக்குப் போன வேறு யாருடைய பொதி எண்ணையோ கொடுத்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அப்போது, எந்த வீட்டு முகவரியில் ஒப்படைத்தார்கள் என்று கூரியர் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கி முறையீட்டோடு சேருங்கள். ஊர் பெயர் மட்டும் ஒத்துப்போவது சான்றாகாது. வேறு சில தளங்களில், பொருள் கிடைத்துவிட்டது என்று நாமே உறுதிசெய்யும் பொத்தான் உண்டு. விற்பனையாளர் எவ்வளவு கெஞ்சினாலும் பொருளைக் கையில் பிரித்துப் பார்க்கும்வரை அதைத் தொடாதீர்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். சீனத்து அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரில் அங்கே தடைசெய்யப்பட்டது. ஆனால் சமூக ஊடக விளம்பரம் வழியாகத் திறக்கும் பெயர் தெரியாத கடைகளில் இதே நீண்ட காலக் கணக்கு நடக்கிறது. அங்கே நடுவில் நின்று பணத்தைத் திருப்பித் தர ஒரு சந்தை இல்லை. மிஞ்சுவது பணம் கட்டிய அட்டை. வராத பொருளுக்கு விசா விதிப்படி, பொருள் வரவேண்டிய கடைசி நாளிலிருந்து 120 நாளுக்குள் உங்கள் வங்கி அதைக் கேள்வி கேட்கலாம். வங்கிக்குத் தன் வேலையைச் செய்ய நாள் வேண்டும், ஆகவே 119ஆம் நாள் போய் நிற்காதீர்கள். வாங்கிய அன்று திரையில் இருந்த தேதியைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் பிறகு இல்லாமல் போகலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம்.

அக்கா இப்போதும் சீனாவிலிருந்து வாங்குகிறார். கொக்கி, லேஸ், பொத்தான், அவசரமில்லாத எல்லாம். அவர் மெஷினுக்கு மேல் தொங்கும் முருகன் படக் காலண்டரில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு நாட்களில் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார். ஒன்று பின் தேதி. மற்றது அதற்குப் பிறகு 25ஆம் நாள். முப்பதாம் நாள்வரை போகாமல் ஐந்து நாள் முன்னதாக நிறுத்தியது அவருடைய சொந்த யோசனை.

உங்கள் பெயரில் இப்போது வழியில் இருக்கும் பொருள் ஏதாவது இருந்தால், அந்த ஆர்டர் பக்கத்தை இன்றே திறந்து, பின்னால் இருக்கும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.